பேஸ்மேக்கர் வைத்த அப்பாவும் இரண்டு கம்பிகளும்: இதய மருத்துவர் பதில்கள்

மகன், கோவில்பட்டி: டாக்டர், அப்பாவுக்கு 71 வயது. இரண்டு தடவை மயங்கி விழுந்தார். நாடித்துடிப்பு 34 என்று சொல்லி, 18 நாட்களுக்கு முன்னால் இரண்டு லீட், அதாவது இரண்டு கம்பி, உள்ள பேஸ்மேக்கர் வைத்தார்கள். துடிப்பு இனி 60-க்குக் கீழே போகாது என்றார்கள். நேற்று பி.பி. மெஷினில் 44 காட்டியது. அப்பாவோ இடது கையைத் துண்டில் கட்டித் தொங்கவிட்டு, அசைக்கவே பயப்படுகிறார். கருவி வேலை செய்கிறதா? அவர் எதைச் செய்யலாம், எதைச் செய்யக் கூடாது?

தம்பி, முதலில் அந்த 44-ஐப் பார்ப்போம். அப்பாவுக்குத் தலைசுற்றலோ, கண் இருட்டிக்கொண்டு வருவதோ இருந்தால் இதற்கு மேல் படிக்காமல் மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். அப்படி எதுவும் இல்லை என்றால் மணிக்கட்டில் விரல் வைத்து ஒரு முழு நிமிடம் நாடி பாருங்கள். 15 விநாடி எண்ணி நாலால் பெருக்க வேண்டாம்.

பி.பி. மெஷின் இதயத்தை எண்ணுவதில்லை, கைக்கு வந்து சேரும் அலையை எண்ணுகிறது. இதயத்தின் கீழறையில் சில சமயம் ஒரு துடிப்பு முந்திக்கொண்டு வரும். அதற்குள் அறையில் ரத்தம் நிரம்பியிருக்காது. அதனால் இதயம் துடித்தும் அந்த அலை மணிக்கட்டு வரை எட்டாது. நிமிடத்துக்கு 66 துடிப்பில் மூன்றுக்கு ஒன்று இப்படி வீணானால், 22 போக மெஷின் 44 என்றுதான் காட்டும். பேஸ்மேக்கர் தன் வேலையைச் சரியாகச் செய்துகொண்டிருக்கும்போதே இது நடக்கும். நாடி பார்க்கும்போது இரண்டு துடிப்பு, ஒரு இடைவெளி, மறுபடி இரண்டு துடிப்பு என்று வந்தால் பெரும்பாலும் இதுதான்.

என்னிடம் ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர் ஒருவர் 41 என்று பயந்து வந்தார். ஈ.சி.ஜி.யில் நிமிடத்துக்கு 82 துடிப்பு இருந்தது, ஒன்று விட்டு ஒன்று முந்திய துடிப்பு. கால் வீக்கத்துக்குச் சாப்பிட்ட நீர் மாத்திரையால் ரத்தத்தில் பொட்டாசியம் குறைந்திருந்தது. அதைச் சரிசெய்ததும் எண் ஏறிவிட்டது. பேஸ்மேக்கரை நான் தொடவே இல்லை.

ஆனால் 18-ஆவது நாளில் இன்னொரு காரணமும் இருக்கலாம்: கம்பி இடம் மாறியிருக்கலாம். அப்போது நாடி விட்டு விட்டு வராது, சீராக, மெதுவாக வரும். பழைய தலைசுற்றல் திரும்பும். சிலருக்கு விக்கல் போல வயிற்றின் மேல்பகுதி துடிப்புக்குத் துடிப்பு வெட்டி இழுக்கும். இரண்டையும் வீட்டிலிருந்து பிரித்துச் சொல்ல முடியாது. இன்றே ஒரு ஈ.சி.ஜி. எடுத்து, கருவி வைத்த இடத்தில் காட்டுங்கள்.

இப்போது கம்பிக்கு வருகிறேன். எல்லோரும் தோள்பட்டைக்குக் கீழே புடைத்துத் தெரியும் பெட்டியைப் பற்றியே கேட்கிறார்கள். முதல் ஆறு வாரம் கவனிக்க வேண்டியது கம்பியை. அது காறை எலும்புக்குக் கீழே ரத்தக் குழாயில் நுழைந்து இதயத்துக்குள் போகிறது. ஒன்றின் நுனி மேலறையில், இன்னொன்றின் நுனி கீழறையில். நுனியில் இருக்கும் திருகு ஓரிரு மில்லிமீட்டர்தான் தசைக்குள் இறங்கியிருக்கும். அதைச் சுற்றித் தசை வளர்ந்து பிடித்துக்கொள்ள நான்கு முதல் ஆறு வாரம் ஆகும்.

அப்பாவின் மேலறை பெரும்பாலும் தானாகவே துடிக்கிறது. அந்தச் செய்தி கீழே போகும் வழிதான் அடைபட்டிருக்கும். பெட்டி மேலறைக் கம்பியின் வழியே கேட்டு, கீழறைக் கம்பியின் வழியே தட்டுகிறது. அவர் மாடிப்படி ஏறினால் மேலறை வேகமாகத் துடிக்கும், பெட்டியும் கூடவே வேகமெடுக்கும். ஆகவே நடக்கலாம், படி ஏறலாம், கடைக்குப் போகலாம்.

ஆறு வாரம் வரை இடது முழங்கை தோளுக்கு மேலே போக வேண்டாம். தண்ணீர்க் குடத்தை வலது கையால் தூக்கட்டும். கட்டிலிலிருந்து எழும்போது இடது கையை ஊன்றி உந்த வேண்டாம். தலை வழியே மாட்டும் பனியனுக்குப் பதில் பட்டன் சட்டை போடட்டும். மற்றபடி அந்தத் துண்டை அவிழ்த்துவிடுங்கள். சாப்பாட்டுத் தட்டைப் பிடிப்பது, பட்டன் போடுவது, பேப்பர் படிப்பது, எல்லாவற்றுக்கும் அந்தக் கை வேலை செய்யட்டும்.

காயம் சிவந்தாலோ, வீங்கினாலோ, கசிந்தாலோ மெடிக்கலில் மாத்திரை வாங்கிச் சமாளிக்க வேண்டாம். வீக்கத்தை ஊசியால் குத்தி எடுக்கவும் யாரையும் விடாதீர்கள். சீழ் பிடித்துவிட்டால் கிருமி கம்பி வழியாக இதயத்துக்கே போகும். அப்புறம் பெட்டி, கம்பி எல்லாவற்றையும் வெளியே எடுக்க வேண்டிவரும்.

ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், திருநெல்வேலி: என் தம்பிக்கு மூன்று மாதம் கையைக் கட்டியே வைக்கச் சொன்னார்கள். அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை. கட்டை அவிழ்க்கச் சொல்வது ஆபத்தல்லவா?

ஐயா, கையை உயர்த்தக் கூடாது என்பதில் நீங்கள் சொல்வது சரி. என் நோயாளி ஒருவர் பன்னிரண்டாவது நாள் தொரட்டியால் முருங்கைக்காய் பறித்தார். சாயங்காலமே தலைசுற்றல். எக்ஸ்ரேயில் கீழறைக் கம்பியின் நுனி நழுவியிருந்தது. மறுநாள் காலையில் அதே தையலைப் பிரித்து மறுபடி பொருத்தினோம். ஆனால் அது தலைக்கு மேலே கையை நீட்டி இழுத்ததால் வந்தது. கையை இடுப்பளவில் அசைப்பதும் அதுவும் ஒன்றல்ல.

பிசியோதெரபிஸ்ட், மதுரை: டாக்டர், கையைக் கட்டிவைத்துத் தோள் இறுகிப்போய் வருகிறவர்களை நான் தொடர்ந்து பார்க்கிறேன். முதல் வாரத்திலேயே மெதுவாக அசைக்க வைக்கலாம். ஆறு வாரத் தடையே அதிகம் என்பேன்.

தோள் இறுகுவது உண்மை அம்மா. மூன்று மாதம் கட்டிவைத்த ஒரு பெரியவரால் அதன்பிறகு சட்டையின் கைக்குள் கையை நுழைக்க முடியவில்லை. எட்டு மாதப் பயிற்சி தேவைப்பட்டது. முதல் வாரத்திலிருந்தே தோளுக்குக் கீழே கையை முன்னும் பின்னும் ஊசலாட்டுவதில் எனக்கும் சம்மதம். தோளுக்கு மேலே உயர்த்துவதை எப்போது தொடங்குவது என்பதில் மருத்துவர்களிடையே கருத்து வேறுபாடு இருக்கிறது. நான்கு வாரத்தில் விடுகிறவர்களும் உண்டு. என் நோயாளிக்கே கம்பி நழுவியதைப் பார்த்ததால் நான் ஆறு வாரம் சொல்கிறேன்.

அதே தலைமையாசிரியர்: கம்பி நழுவினால் மறுபடி அறுவை. தோள் இறுகினால் பயிற்சியில் சரியாகும். எது பெரிய நஷ்டம்?

ஒரு தடவை நடக்கும் நஷ்டத்தைப் பார்த்தால் நழுவுவதுதான் பெரியது. ஆனால் கையை இடுப்பளவில் அசைப்பதால் கம்பி நழுவியதை நான் பார்த்ததில்லை. கட்டிவைத்ததால் தோள் போனதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். கட்ட வேண்டாம், உயர்த்தவும் வேண்டாம். உங்கள் தம்பி இப்போது இடது கையால் முதுகைத் தொட முடிகிறதா என்று கேட்டுப் பாருங்கள்.

தனியார் நிறுவன ஊழியர், சென்னை: எனக்கு இரண்டு ஸ்டென்ட் வைத்திருக்கிறார்கள். நானும் கையைத் தூக்கக் கூடாதா?

தாராளமாகத் தூக்கலாம். ஸ்டென்ட் ரத்தக் குழாய் அடைப்புக்கு வைப்பது. இங்கே பேசுவது மின்துடிப்புக்கு வைக்கும் கருவி. உங்கள் கவனம் ரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரையில் இருக்கட்டும்.

மகள், ஈரோடு: அம்மாவுக்குப் போன வருடம் பேஸ்மேக்கர் வைத்தோம். செல்போன் பேசலாமா?

பேசலாம். கருவிக்கு எதிர்ப்பக்கக் காதில் வைத்துப் பேசட்டும். கருவிக்கும் போனுக்கும் நடுவே ஒரு சாண் தூரம் வேண்டும்.

மருமகன், சேலம்: மாமா போனைச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளலாமா?

ஈரோட்டுக்காரருக்குச் சொன்னதேதான். இடது சட்டைப் பை வேண்டாம். பின்பக்கம் காந்தம் வைத்து, ஒட்டிக்கொண்டு சார்ஜ் ஆகும் போன் என்றால் கட்டாயம் வேண்டாம்.

இல்லத்தரசி, தஞ்சாவூர்: மிக்ஸி, கிரைண்டர், டி.வி., இண்டக்ஷன் அடுப்பு?

முதல் மூன்றும் பயன்படுத்தலாம். இண்டக்ஷன் அடுப்பிலிருந்து கருவி இரண்டடி தள்ளி இருக்கட்டும், குனிந்து எட்டிப் பார்க்க வேண்டாம். ஃபேன், ஃபிரிட்ஜ், ரிமோட் என்று இதே கேள்வி இன்னும் பத்துப் பேரிடமிருந்து வந்திருக்கிறது. நல்ல நிலையில் உள்ள மற்ற வீட்டுச் சாமான் எதற்கும் பயப்பட வேண்டாம். இனி இதைத் தனித்தனியாக எடுக்கவில்லை.

மகன், நாமக்கல்: மூட்டுவலிக்கு என்று அம்மா காந்தப் படுக்கை வாங்கியிருக்கிறார். அவருக்கு பேஸ்மேக்கர் உண்டு. விற்றவர் ஒன்றும் ஆகாது என்றார்.

இன்று இரவே அதை எடுத்துவிடுங்கள். போன தடவையும் சொன்னேன், அதற்கு முந்திய தடவையும் சொன்னேன். கருவிக்கு அருகே வலுவான காந்தம் வந்தால் அது இதயத்தைக் கேட்பதை நிறுத்திவிட்டு, ஒரே வேகத்தில் தட்ட ஆரம்பிக்கும். நாங்கள் பேட்டரியைச் சோதிக்கவென்றே வேண்டுமென்று காந்தம் வைப்போம், அது ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும். இரவு முழுவதும் அதன்மேல் குப்புறப் படுத்தால், இதயம் தானாகத் துடிக்கும் நேரத்திலேயே கருவியும் குறுக்கே தட்டும். அம்மாவுக்குப் படபடப்பு வரும், அரிதாக ஆபத்தான துடிப்பும் வரலாம். காந்த வளையல், காந்தம் வைத்த தோள் பட்டிக்கும் இதே பதில். விற்பவர் அம்மாவின் கருவி அட்டையைப் பார்த்தாரா?

வெல்டிங் பட்டறை நடத்துபவர், கோயம்புத்தூர்: எனக்கே பேஸ்மேக்கர். தொழிலை விட வேண்டுமா?

ஆம்பியரைச் சொல்லாமல் என்னால் பதில் சொல்ல முடியாது. பொதுவாக 130 ஆம்பியருக்கு மேலே வேண்டாம் என்பார்கள். உங்களுக்குக் கருவியை வைத்தவரிடம் மெஷினின் விவரத்தோடு போங்கள்.

மகள், பாண்டிச்சேரி: பேட்டரி தீர்ந்தால் அப்பாவுக்கு என்ன ஆகும்? எத்தனை வருடம் வரும்?

சாதாரணமாக எட்டு முதல் பன்னிரண்டு வருடம். திடீரென்று நின்றுவிடாது, சில மாதங்களுக்கு முன்பே பரிசோதனையில் தெரிந்துவிடும். அதற்குத்தான் ஆறு மாதத்துக்கோ வருடத்துக்கோ ஒரு தடவை வரச் சொல்கிறோம். பேட்டரியை மட்டும் எடுத்து மாற்ற முடியாது. பெட்டியையே மாற்றுவோம், கம்பி நன்றாக இருந்தால் அதையே புதுப் பெட்டியில் மாட்டுவோம். உலகிலேயே முதன்முதலாக உடலுக்குள் பேஸ்மேக்கர் வைக்கப்பட்டவர் ஸ்வீடனைச் சேர்ந்த ஆர்னே லார்சன். 1958-இல் வைத்த முதல் கருவி சில மணி நேரம்தான் ஓடியது. அதன்பிறகு இருபதுக்கும் மேற்பட்ட கருவிகள் மாற்றி, 2001 வரை, 86 வயதுவரை வாழ்ந்தார்.

மகன், கோவில்பட்டி (மறுபடியும்): டாக்டர், ஈ.சி.ஜி. எடுத்துவிட்டோம். மூன்று துடிப்புக்கு ஒன்று முந்தி வருகிறது, கம்பி சரியாக இருக்கிறது என்றார்கள். அப்பா கட்டையும் அவிழ்த்துவிட்டார். காரணம் மட்டும் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளிக்கலாமா என்று கேட்கிறார்.

காரணத்தை விடாதீர்கள். பொட்டாசியம் பாருங்கள், எக்கோ ஒன்றும் எடுங்கள். இத்தனை அடிக்கடி வரும் முந்திய துடிப்பு இதயத்தின் பலத்தைக் குறைத்திருக்கிறதா என்று தெரிய வேண்டும். முடிவு வராமல் நானும் எதையும் சொல்ல முடியாது.

காயம் முழுக்க உலர்ந்து மூடியிருந்தால் குளிக்கலாம். தையல் இருந்த இடத்தில் எண்ணெய் பட வேண்டாம், அங்கே அழுத்தித் தேய்க்கவும் வேண்டாம். தலைக்குத் தேய்க்க அவர் இடது கை மேலே போகும். ஆறு வாரம் முடியும்வரை நீங்களே தேய்த்துவிடுங்கள்.