மழுங்கிய மூலையும் நெஞ்சு நீரின் அளவும்

கேள்வி: அப்பாவுக்கு 61 வயது. இரண்டு கிழமையாக இருமல், வலப்பக்க விலாவில் குத்து. எக்ஸ்றே ரிப்போட்டில் "வலது அடி மூலை மழுங்கியுள்ளது, சிறிதளவு நீர்" என்று இருக்கிறது. மறுநாள் ஸ்கானில் அரை லீற்றர் என்கிறார்கள். ஒரே நாளில் இவ்வளவு கூடுமா? எதை நம்புவது?
– வாசகி, கல்முனை

பதில்: நீர் ஒரே நாளில் பெருகியிருக்க வேண்டியதில்லை, சகோதரி. இரண்டும் ஒரே நீரைத்தான் பார்த்திருக்கும்.

நிற்கும்போது நீர் முதலில் நுரையீரலின் அடிக்கும் உதரவிதானத்துக்கும் நடுவில் தங்கும். அடுத்து முதுகுப் பக்கத்து மூலையை நிரப்பும். விலாவும் உதரவிதானமும் சேரும் இடங்களில் அதுதான் மிகவும் பள்ளமானது. வழமையான நேர்ப்படத்தில் தெரிவதோ பக்கத்து மூலை. அது மழுங்குவதற்கு ஏறத்தாழ 200 மில்லிலீற்றர் சேர வேண்டும். சிலருக்கு அரை லீற்றர் சேர்ந்த பிறகும் மூலை கூராகவே நிற்கும். பக்கவாட்டில் எடுக்கும் படத்தில் 50 முதல் 75 மில்லிலீற்றரிலேயே பின்மூலை மழுங்கிவிடும். ஆகவே நேர்ப்படத்தில் மூலை மழுங்கியிருந்தால், இருநூறு அளவுக்காவது நீர் இருக்கலாம் என்றுதான் கொள்ள வேண்டும். அதற்கு மேல் எவ்வளவு என்பதை அந்த மூலை சொல்லாது. "சிறிதளவு" என்பது கண்ணால் பார்த்துப் போட்ட மதிப்பு.

ஸ்கானில் நெஞ்சுச் சுவருக்கும் நுரையீரலுக்கும் இடையிலுள்ள நீரின் தடிப்பை அளக்கலாம். நோயாளியை மல்லாத்தி, மேலுடலை 15 பாகை உயர்த்தி, நுரையீரலின் அடியில் ஆகக் கூடிய இடைவெளியை மில்லிமீற்றரில் எடுத்து 20ஆல் பெருக்குவது ஒரு வழி. அப்பாவுக்கு 25 மில்லிமீற்றர் வந்திருந்தால் 500 மில்லிலீற்றர். இதிலும் நூற்றைம்பது அளவு கூடலாம், குறையலாம். இருக்க வைத்து அளந்த தடிப்பை இந்தக் கணக்கில் போட்டால் விடை பிழைக்கும். இருந்தாலும் அளவு என்று வரும்போது எக்ஸ்றேயைவிட ஸ்கானையே நம்புங்கள்.

படம் எந்த நிலையில் எடுத்தது என்பதையும் கேளுங்கள். படுக்க வைத்து எடுத்தால் நீர் முதுகுப்பக்கம் பரவி, அந்தப் பக்க நுரையீரல் முழுதும் மெல்லிய மங்கலாகத் தெரியும். மூலை மழுங்காமலேகூட இருக்கும். இன்னொன்று, முன்பு காசநோயோ நெஞ்சுக் காயமோ வந்து ஆறிய தழும்பும் மூலையை இதேபோல் மழுக்கும். நோயாளியை அந்தப் பக்கம் சரித்துப் படுக்க வைத்துப் படம் எடுத்தால் நீர் ஓடி விலாவோரம் பட்டையாகப் படியும், தழும்பு அசையாது. பழைய எக்ஸ்றே வீட்டில் இருந்தால் கட்டாயம் கொண்டு போங்கள். அதிலும் அதே மூலை மழுங்கியிருந்தால் வைத்தியரின் முடிவே மாறக்கூடும்.

சரித்து எடுத்த படத்தில் பட்டை 10 மில்லிமீற்றரைத் தாண்டினால் ஊசி போட்டு நீர் எடுக்க இடம் உண்டு. அதை ஸ்கான் பார்த்தபடி செய்வது பாதுகாப்பு. ஒரு பக்கம் மட்டும் நீர், கூடவே இருமலும் விலாக் குத்தும் என்றால், மாதிரி எடுத்துப் பார்க்காமல் காரணத்தை ஊகிக்கக் கூடாது. காசநோய், நிமோனியா, புற்றுநோய் எல்லாம் படத்தில் ஒன்றுபோலவே தெரியும். காய்ச்சல் விடாமல் அடித்தாலோ, படுத்தால் மூச்சு முட்டினாலோ கிளினிக் நாளுக்குக் காத்திருக்காமல் அன்றே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள்.