ஓடி லிமிட் கேட்கும் கடிதம்: எவ்வளவு என்பதோடு எதுவரை என்றும் எழுதுங்கள்

கேள்வி: பள்ளிப் பை தைக்கும் சிறிய பட்டறை நடத்துகிறேன். பள்ளி திறப்பதற்கு முந்தைய மாதங்களில்தான் மொத்தச் செலவும். பணம் அதற்கு அப்புறம்தான் வரும். கணக்கில் இருப்பதற்கு மேல் வங்கி எடுக்க விடும் ஓவர்டிராஃப்ட், அதாவது ஓடி லிமிட், 10 லட்சம். அதை 20 லட்சமாக்கச் சொல்லி இப்படி எழுதியிருக்கிறேன்: “எங்கள் வியாபாரம் நன்றாக வளர்ந்து வருகிறது. தற்போதைய லிமிட் போதவில்லை. நீண்டநாள் வாடிக்கையாளர் என்ற முறையில் லிமிட்டை 20 லட்சமாக உயர்த்தித் தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.” சென்ற வருடம் இரண்டு தடவை லிமிட் தாண்டி, ஒரு செக்கும் திரும்பிவிட்டது. அதை எழுதலாமா? கடிதத்தை எப்படித் திருத்துவது?

பதில்: கடன் பிரிவில் பல வருடம் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன். இந்தக் கடிதத்தில் மரியாதைக்கு ஒரு குறையும் இல்லை. “போதவில்லை” என்ற சொல்தான் சிக்கல். சீசனுக்காகப் பணம் போதாமல் இருப்பவரும் அதையே எழுதுவார். நஷ்டத்தில் போய்க்கொண்டிருப்பவரும் அதையே எழுதுவார். படிக்கிற அதிகாரிக்கு இருவரையும் பிரித்துப் பார்க்க வழியில்லை. அவர் மனதில் ஓடுவது ஒரே கேள்வி: இந்தப் பணம் எடுத்த பிறகு, எந்த மாதம் எதிலிருந்து திரும்பி உள்ளே வரும்? அதற்கு உங்கள் கடிதத்தில் பதில் இல்லை.

ஆகவே கடிதத்தில் கை வைப்பதற்கு முன் ஒரு தாளில் கணக்குப் போடுங்கள். உங்கள் வரவுசெலவு எனக்குத் தெரியாது என்பதால், உங்களுடையதைப் போன்ற ஒரு பட்டறையை வைத்துப் போட்டுக் காட்டுகிறேன். சீசன் தொடங்கும்போது ஓடியில் 2 லட்சம் எடுத்திருக்கிறார்கள். முதல் மூன்று மாதமும் துணி, ஜிப் கொள்முதல் முறையே 5, 5, 4 லட்சம். நான்காம் மாதம் அரை லட்சம். அதோடு கொள்முதல் முடிந்தது. தையல் கூலி மாதம் ஒன்றரை லட்சம். வாடகை, மின்சாரம், வட்டி எல்லாம் சேர்த்து அரை லட்சம்.

மாதம் 1: செலவு 7, வசூல் 1, மாதக் கடைசியில் ஓடி பாக்கி 8 லட்சம்
மாதம் 2: செலவு 7, வசூல் 1.5, பாக்கி 13.5
மாதம் 3: செலவு 6, வசூல் 3, பாக்கி 16.5
மாதம் 4: செலவு 2.5, வசூல் 7, பாக்கி 12
மாதம் 5: செலவு 2, வசூல் 10, பாக்கி 4
மாதம் 6: செலவு 2, வசூல் 7, பாக்கி தீர்ந்து கணக்கில் 1 லட்சம் மிச்சம்

இதைப் பார்த்ததும் அதிகபட்சத் தேவை 16.5 லட்சம் என்றுதான் தோன்றும். பெரும்பாலோர் தவறுவது இந்த இடத்தில்தான். துணிக்காரருக்கும் வாடகைக்கும் 10ஆம் தேதிக்குள் கொடுத்தாக வேண்டும். கடைக்காரர்கள் உங்களுக்குத் தருவது 25ஆம் தேதி வாக்கில். கூலி மாதக் கடைசியில். அப்படியானால் மூன்றாம் மாதம் 10ஆம் தேதி என்ன நிலை? முந்தைய பாக்கி 13.5, அதன் மேல் துணி 4, இதர செலவு அரை லட்சம். மொத்தம் 18 லட்சம். மாதக் கடைசிக் கணக்கில் தெரியாத ஒன்றரை லட்சம் நடுவில் ஒளிந்திருக்கிறது. சென்ற வருடம் உங்கள் செக் திரும்பியது எந்தத் தேதி என்று ஸ்டேட்மென்ட்டை எடுத்துப் பாருங்கள். மாதத்தின் முதல் பாதியாக இருந்தால் காரணம் அநேகமாக இதுதான்.

18 என்பது எல்லாம் திட்டப்படி நடந்தால். இரண்டாம் மாதம் வரவேண்டியதில் 1 லட்சம் இழுத்தடித்தால் 19 ஆகிவிடும். துணி விலை 7 சதவீதம் ஏறினால் மூன்று மாதக் கொள்முதலான 14 லட்சத்தில் ஏறக்குறைய இன்னொரு 1 லட்சம். ஆக 20. நீங்கள் கேட்ட அதே எண்தான், ஆனால் இப்போது ஒவ்வொரு லட்சமும் எதற்கு என்று சொல்ல முடிகிறது. அதிகாரி “ஏன் 15 போதாது?” என்று கேட்டால் மூன்றாம் மாதம் 10ஆம் தேதியைக் காட்டலாம்.

அந்தப் பட்டியலிலேயே இன்னொன்றும் தெரிகிறது. 10 லட்சத்துக்கு மேல் தேவைப்படுவது இரண்டாம் மாதத் தொடக்கத்திலிருந்து ஐந்தாம் மாதம் வரை, நான்கே மாதம். துணி விலை ஏறி, ஐந்தாம் மாத வசூலில் 3 லட்சம் அடுத்த மாதத்துக்குத் தள்ளிப்போனாலும் அந்த மாதக் கடைசியில் பாக்கி 8 லட்சம். பழைய லிமிட்டுக்குள் வந்துவிடும். அப்படியிருக்க 20 லட்சத்தை வருடம் முழுவதற்கும் ஏன் கேட்க வேண்டும்? கூடுதலாக 10 லட்சம், நான்கு மாதத்துக்கு, அப்புறம் தானாகப் பழைய 10 லட்சத்துக்கே இறங்கிவிடும் என்று கேளுங்கள். கால வரையறையுள்ள இந்த மாதிரி சீசன் லிமிட்டுக்கு ஒப்புதல் கொடுப்பது அதிகாரிக்கு எளிது. தொகை கூடினாலும் வங்கிக்கு இடர் இருக்கும் காலம் குறைவு. உங்களுக்கும் நல்லது: பயன்படுத்தாத லிமிட்டுக்குக் கட்டணம் போடும் வங்கிகள் இருக்கின்றன.

இனி ஓர் எச்சரிக்கை. ஓடி லிமிட் கேட்பவரின் ஸ்டேட்மென்ட்டில் நான் முதலில் தேடுவது கணக்கு எவ்வளவு தூரம் மேலே போனது என்பதை அல்ல, சீசன் முடிந்ததும் எவ்வளவு கீழே இறங்கியது என்பதை. வருடத்தில் சில வாரமாவது பாக்கி முழுதாகத் தீர்ந்து கணக்கு வரவில் நின்றால், இது சீசன் பணம்தான் என்று நம்பலாம். முந்தைய வருடம் மிகக் குறைந்த பாக்கி 1 லட்சம், சென்ற வருடம் 4 லட்சம், இந்த வருடம் 6 லட்சம் என்று அடிமட்டம் ஏறிக்கொண்டே வந்தால் அந்த 6 லட்சம் திரும்பி வருகிற பணமே இல்லை. அது மெஷினில் போட்டதாக இருக்கலாம், விற்காத சரக்காக இருக்கலாம், வீட்டுச் செலவுக்கு எடுத்ததாகவும் இருக்கலாம். உங்கள் மூன்று வருட ஸ்டேட்மென்ட்டில் அடிமட்டத்தை மட்டும் குறித்து எடுங்கள். ஏறியிருந்தால் லிமிட்டை உயர்த்திக் கேட்காதீர்கள். அந்தத் தொகையைத் தனியே டெர்ம் லோனாக மாற்றி மாதத் தவணையில் கட்டக் கேளுங்கள். சீசனுக்கு இருக்கிற லிமிட்டில் இடம் கிடைத்துவிடும், கூடுதலாகக் கேட்கவேண்டியதும் குறையும்.

திரும்பிய செக்கைப் பற்றிக் கண்டிப்பாக எழுதுங்கள். அதிகாரி எப்படியும் ஸ்டேட்மென்ட்டில் பார்த்துவிடுவார். நீங்களே சொன்னால் அது விளக்கம், அவர் கண்டுபிடித்தால் அது மறைத்தது. ஆனால் மன்னிப்புக் கேட்டுப் பத்தி பத்தியாக எழுத வேண்டாம். என்ன தேதி, எவ்வளவு தாண்டியது, எத்தனை நாளில் எந்த வசூலால் சரியானது, இந்த வருடம் அது நடக்காமலிருக்க என்ன மாற்றியிருக்கிறீர்கள்: இவ்வளவும் இரண்டு வாக்கியத்தில் அடங்கும்.

இதையெல்லாம் வைத்து எழுதினால் கடிதம் இப்படி வரும்:

“மதிப்பிற்குரிய மேலாளர் அவர்களுக்கு,

எங்கள் ஓடி லிமிட்டான 10 லட்சத்துடன், வரும் சீசனுக்காக (தேதி) முதல் (தேதி) வரை நான்கு மாதங்களுக்குக் கூடுதலாக 10 லட்சம் அனுமதிக்கக் கோருகிறேன். அந்தக் கடைசித் தேதியில் லிமிட் மீண்டும் 10 லட்சமாகக் குறைக்கப்படலாம்.

பள்ளி திறப்புக்கு முந்தைய மூன்று மாதங்களில் 14 லட்சத்துக்குத் துணியும் ஜிப்பும் வாங்குகிறோம். விற்பனைப் பணத்தில் 24 லட்சம் நான்கு, ஐந்து, ஆறாம் மாதங்களில் வருகிறது. இணைத்துள்ள பட்டியலின்படி அதிகபட்சத் தேவை மூன்றாம் மாதம் 10ஆம் தேதி 18 லட்சம். தாமதமாகும் வசூலுக்கு 1 லட்சமும் துணி விலை உயர்வுக்கு 1 லட்சமும் சேர்த்துள்ளோம். ஆறாம் மாத இறுதியில் பாக்கி முழுவதும் தீரும்.

சென்ற ஆண்டு (தேதி), (தேதி) ஆகிய நாட்களில் கணக்கு லிமிட்டைத் தாண்டியது. ஒரு செக் திரும்பியது. கொள்முதல் பணம் 10ஆம் தேதியும் வசூல் 25ஆம் தேதியும் அமைந்ததே காரணம். இரண்டும் (எண்ணிக்கை) நாட்களில் சரிசெய்யப்பட்டன. இந்த ஆண்டு தேவையை முன்கூட்டியே கணக்கிட்டு விண்ணப்பிக்கிறோம்.”

முதல் பத்தியிலேயே தொகை, தொடக்கம், முடிவு மூன்றும் வந்துவிட்டதைக் கவனியுங்கள். உங்கள் கிளை மேலாளருக்கு அனுமதிக்கும் அதிகாரம் இல்லையென்றால் அவர் மேலிடத்துக்குக் குறிப்பு எழுதுவார். இந்தப் பத்தியை அப்படியே எடுத்துப் போட்டுக்கொள்ளலாம். “நீண்டநாள் வாடிக்கையாளர்” என்பதை எடுத்துவிட்டேன். அது அவர்கள் பதிவேட்டிலேயே இருக்கிறது. “நன்றாக வளர்ந்து வருகிறது” என்பதற்குப் பதில், கையில் உறுதியான ஆர்டர் இருந்தால் அதன் நகலை இணையுங்கள். கடிதம் ஒரு பக்கத்தைத் தாண்ட வேண்டாம். மாதவாரிப் பட்டியல், மூன்று வருட இருப்புநிலைக் கணக்கு, ஆர்டர் நகல் எல்லாம் பின்னிணைப்பாகப் போகட்டும்.

கொடுப்பதற்கு முன் ஒன்றைச் சரிபாருங்கள். உங்கள் ஓடி சரக்கையும் வரவேண்டிய பாக்கியையும் ஈடாக வைத்தது என்றால், லிமிட் 20 என்று எழுதியிருந்தாலும் 20 எடுக்க முடியும் என்று அர்த்தமில்லை. நீங்கள் கொடுக்கும் ஸ்டாக் ஸ்டேட்மென்ட்டிலிருந்து வங்கி ஒரு பங்கைக் கழித்துக்கொண்டு மிச்சத்துக்கு மட்டும்தான் பணம் எடுக்க விடும். உதாரணமாக 25 சதவீதம் கழிப்பதாக வைத்துக்கொள்வோம். மூன்றாம் மாதம் உங்களிடம் சரக்கு 16 லட்சம், வரவேண்டிய பாக்கி 11 லட்சம் இருந்தால் மொத்தம் 27. அதில் முக்கால் பங்கு 20.25 லட்சம். சமாளிக்கலாம். துணிக்காரருக்கு 3 லட்சம் கடன் வைத்திருந்தால் வங்கி அதை முதலில் கழிக்கும். 24இல் முக்கால் பங்கு 18 லட்சம்தான். அந்த நிலைமையில் வசூல் கொஞ்சம் தாமதமானாலோ துணி விலை ஏறினாலோ, 20க்கு அனுமதி வாங்கியும் மூன்றாம் மாதம் செக் திரும்பும். எவ்வளவு கழிக்கிறார்கள், எத்தனை நாளுக்கு மேற்பட்ட பாக்கியைச் சேர்க்க மாட்டார்கள் என்பதை உங்கள் அனுமதிக் கடிதத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் மாதம் பணம் தேவை என்றால், சீசன் தொடங்குவதற்கு ஒரு மாதம் முன்பே, கணக்கு லிமிட்டுக்கு நன்றாகக் கீழே இருக்கும்போதே கடிதத்தைக் கொண்டுபோய்க் கொடுங்கள். நேரில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான முத்திரையை நகலில் வாங்கிக்கொள்ளுங்கள். பட்டியலில் அந்த 10ஆம் தேதி வரியை விரலால் தொட்டுக் காட்டிவிட்டு வாருங்கள்.