பாட்டியின் வாயில் 'ஸ்கார்லெட்' எப்படி ஒலிக்கும்?

"வெளிநாட்டில் மகனோடு குடியேறிய பாட்டி, பேத்தி 'ஸ்கார்லெட்' பெயரைச் சொல்லத் திணறுவதாகச் சிறுகதை எழுதுகிறேன். அவர் வாயில் அது எப்படி வரும்?"

'இஸ்கார்லெட்டு' என்று வரும். முன்னால் வரும் 'இ'யும் கடைசியில் வரும் 'உ'வும் சொல்ல வராத இடத்தில் நாக்கு தானாகச் சேர்க்கும் உயிரொலிகள். உயரமான வாசலுக்குப் படிக்கல் போடுவது மாதிரி.

காரணம் தமிழின் ஒலி வழக்கம். தமிழ்ச் சொல் இரண்டு மெய்யோடு தொடங்காது. அதனால் 'ஸ்க' முன்னால் ஓர் 'இ' ஏறிக்கொள்கிறது, ஸ்கூல் 'இஸ்கூலு' ஆவதுபோல. ட், க், ப் போன்ற வல்லின மெய்யில் சொல் முடியவும் முடியாது. எனவே 'லெட்' கடைசியில் 'உ' பெற்று, குறிலுக்குப் பின் ட் இரட்டித்து 'லெட்டு' ஆகிறது. செட் 'செட்டு' ஆவதும் இதே கணக்குதான்.

கதையில் பலரும் சறுக்குவது இங்கே: சிரிப்புக்காக ஒரு பக்கத்தில் 'கார்லட்', அடுத்ததில் 'சுக்காலெட்டு' என்று மாற்றுவார்கள். நிஜப் பாட்டி அப்படித் தடுமாற மாட்டார். பத்துத் தடவை கூப்பிட்டாலும் பெரும்பாலும் ஒரே 'இஸ்கார்லெட்டு'தான். பேத்தி திருத்தினால் 'ஸ்…' என்று நீட்டி நிறுத்துவார், அவ்வளவுதான்.

இது படிப்பறிவில்லாமையோ மறதியோ அல்ல, நாக்கு பழகிய மொழியின் ஒலி வழக்கம்; ஆங்கிலத்தில் வளர்ந்த பேத்தி 'பழம்' என்பதைப் 'பலம்' என்பதும் இதே காரணத்தால்தான்.