ஐந்தாவது ரவுண்டுக்குக் கூப்பிட்டால் என்ன பதில் எழுதுவது

"அக்கா, நான் சோழிங்கநல்லூரில் டெஸ்டிங் வேலையில் இருக்கிறேன். மியூனிக்கில் ஒரு கம்பெனியில் நாலு ரவுண்டு முடிந்துவிட்டது, நாலாவதுதான் கடைசி என்றார்கள். இப்போது இன்னொரு ரவுண்டு வேண்டும் என்று ஹெச்ஆர் மெயில் அனுப்பியிருக்கிறார். இன்னும் எத்தனை பாக்கி என்று கேட்டால் தப்பாக எடுத்துக்கொள்வார்களா? எப்படிக் கேட்பது?"

தம்பி, வணக்கம். லீவுக்கு வேளச்சேரி வீட்டுக்கு வந்திருக்கிறேன், அங்கிருந்துதான் இதை எழுதுகிறேன். தாராளமாகக் கேளுங்கள், தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். நம் ஊர்க் கம்பெனிகளில் ஹெச்ஆரிடம் இப்படிக் கேட்டால் அவசரப்படுகிறான் என்று நினைப்பார்களோ என்கிற பயம் நமக்கு இருக்கிறது. ஜெர்மனியில் நான் பார்த்தவரை, அடுத்து என்ன, எப்போது என்று கேட்பவரைப் பொறுப்பான ஆள் என்றுதான் எடுத்துக்கொள்கிறார்கள். ஆனால் கேட்கிற இடமும் வரிசையும் முக்கியம்.

முதலில், மெயில் அனுப்பிய ஹெச்ஆரிடமே, அதே மெயிலுக்குப் பதிலாக, ஒரு நாளுக்குள் எழுதுங்கள். இன்டர்வியூ எடுத்த மேனேஜரைத் தனியாகப் பிடித்துக் கேட்க வேண்டாம், எத்தனை கட்டம் என்பது பல நேரம் அவருக்கே முழுசாகத் தெரியாது. வருகிறேன் என்பதை முதல் வரியிலேயே சொல்லிவிடுங்கள், கேள்வி கடைசியில் வரட்டும். கேள்வி முதலில் வந்தால், நிபந்தனை போடுகிற மாதிரி படிக்கத் தோன்றும். "கடைசி என்று சொன்னீர்களே" என்பதையும் எழுத வேண்டாம். அது நியாயமான வருத்தம்தான், ஆனால் அதை எழுதினால் அவர் விளக்கம் சொல்லத்தான் பதில் எழுதுவார், நமக்கு வேண்டிய தகவல் வராது.

எனக்கும் இப்படி இன்னொரு ரவுண்டுக்கு அழைப்பு வந்தபோது நான் அனுப்பிய மெயில் தமிழில் சொன்னால் இப்படி இருக்கும். பெயரை மட்டும், அவர் தன் மெயிலின் அடியில் எப்படிக் கையெழுத்திட்டிருக்கிறாரோ அப்படியே போட்டு ஆரம்பியுங்கள்.

"அழைப்புக்கு நன்றி. உங்கள் குழுவில் இன்னொருவரோடு பேச மகிழ்ச்சியோடு வருகிறேன். செவ்வாய் அல்லது புதன் ஜெர்மனி நேரம் பிற்பகல் 3.30 (சென்னை நேரம் இரவு 7.00), வெள்ளி ஜெர்மனி நேரம் காலை 10.00 (சென்னை நேரம் பிற்பகல் 1.30), இந்த மூன்றில் எது வசதியோ சொல்லுங்கள். யாரோடு பேசப் போகிறேன், எதைப் பற்றி என்று தெரிந்தால் தயாராக வர உதவும். இன்னொரு விஷயம், இப்போதைய வேலையில் எனக்கு 90 நாள் நோட்டீஸ் இருக்கிறது. அதற்கேற்பத் திட்டமிட, இந்த உரையாடலுக்குப் பிறகு முடிவு வரை என்னென்ன கட்டங்கள் இருக்கின்றன, தோராயமாக எப்போது முடிவு தெரியும் என்று சொல்ல முடியுமா?"

நோட்டீஸ் பீரியடை நான் வேண்டுமென்றேதான் சேர்த்தேன். கேட்பதற்கு ஒரு காரணம் வேண்டும், அது உண்மையான காரணமாக இருக்க வேண்டும். சென்னையில் 90 நாள் என்பது நமக்குப் பழகிப்போனது. அங்கே இருப்பவருக்கு, இந்த ஆள் வந்து சேர மூன்று மாதம், அதோடு விசா வேறு என்று அப்போதுதான் கணக்கு உறைக்கும், அவரே உள்ளே போய் வேகப்படுத்தவும் செய்வார். "இதுதான் கடைசி ரவுண்டா?" என்று மட்டும் கேட்டால் "ஆமாம் என்று நினைக்கிறோம்" என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். என்னென்ன கட்டங்கள் என்று கேட்டால் பெயர் சொல்லித்தான் ஆக வேண்டும்.

அப்படிக் கேட்டதால்தான் எனக்கு இன்னொன்று தெரிய வந்தது. ஜெர்மனியில் பல கம்பெனிகளில் பெட்ரீப்ஸ்ராட் என்று ஊழியர்கள் தேர்ந்தெடுத்த ஒரு குழு இருக்கும். 20 பேருக்கு மேல் வேலை பார்க்கிற கம்பெனியில் அப்படி ஒரு குழு இருந்தால், புதிதாக ஆள் எடுக்கும் முன் அதன் சம்மதம் வாங்க வேண்டும் என்பது சட்டம். மறுப்பதானால் அவர்கள் ஒரு வாரத்துக்குள் எழுத்தில் மறுக்க வேண்டும், இல்லாவிட்டால் சம்மதித்ததாகக் கணக்கு. இது இன்டர்வியூ இல்லை, உங்களை யாரும் கூப்பிட மாட்டார்கள். ஆனால் எல்லா ரவுண்டும் நன்றாகப் போன பிறகு ஒரு வாரம் எந்தச் சத்தமும் வராமல் இருந்து, நாம் தூக்கம் கெட்டு உட்கார்ந்திருப்போமே, அதற்குப் பல நேரம் இதுதான் காரணம்.

பதில் வந்ததும் அதை நிதானமாகப் படியுங்கள். ஆள், கட்டம், தேதி மூன்றும் இருந்தால் உள்ளே எல்லாம் ஒழுங்காக நடக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். "இந்தப் பேச்சைப் பொறுத்தது" என்று வந்தால், பேசப் போகிறவர்தான் பெரும்பாலும் முடிவெடுக்கிறவர், அல்லது முந்தைய ரவுண்டில் ஒருவருக்கு உங்களிடம் ஏதோ ஒரு விஷயத்தில் தெளிவு போதவில்லை. அப்போது நாலு ரவுண்டிலும் எந்தக் கேள்விக்கு நீங்கள் தடுமாறினீர்கள் என்று யோசித்து அதைத் தயார் செய்யுங்கள். "உள்ளே பேசிக்கொண்டிருக்கிறோம், பிறகு சொல்கிறோம்" என்று தேதியே இல்லாமல் வந்தால் கவனமாக இருங்கள். அந்த வேலைக்கே இன்னும் பட்ஜெட் உறுதியாகாமல் இருக்கலாம், அல்லது உங்களுக்கு முன்னால் ஒருவர் நிற்கலாம்.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். முதல் முறை முயற்சி செய்தபோது வேறொரு கம்பெனி, பெயர் வேண்டாம், இன்னொன்று இன்னொன்று என்று ஏழு ரவுண்டு வரை இழுத்தது. நான் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை, எல்லாவற்றுக்கும் சரி சரி என்று எழுதினேன். பெருங்குடி ஆபீஸில் மீட்டிங் அறை கிடைக்காமல் பார்க்கிங்கில் நிறுத்திய காருக்குள் லேப்டாப்பை வைத்துப் பேசியிருக்கிறேன். நடுவில் கிண்டியில் ஒரு கம்பெனி நல்ல ஆஃபர் கொடுத்து ஒரு வாரம் டைம் கொடுத்தது, வெளிநாடு வந்துவிடும் என்ற நம்பிக்கையில் அதை விட்டுவிட்டேன். ஏழாவது ரவுண்டு முடிந்து மூன்று வாரம் கழித்து, அந்தப் பதவிக்கு ஆள் எடுப்பதையே நிறுத்திவிட்டோம் என்று மெயில் வந்தது. அஞ்சாவது ரவுண்டிலேயே கேட்டிருந்தால் தேதி இல்லாத பதில்தான் வந்திருக்கும், கிண்டி ஆஃபரை விட்டிருக்க மாட்டேன். அதனால் தம்பி, கையெழுத்தான கான்ட்ராக்ட் கைக்கு வரும்வரை பேப்பர் போடாதீர்கள், மற்ற இடங்களில் அப்ளை செய்வதையும் நிறுத்தாதீர்கள்.

ஒருவேளை ஐந்தாவது முடிந்து ஆறாவதற்கும் கூப்பிட்டால்? ஒரு தடவை போகலாம், ஆனால் அப்போது கொஞ்சம் நேராகவே கேளுங்கள்: "வருகிறேன். முன்பு சொன்ன கட்டங்களில் இது இல்லையே, இதில் எதைத் தெளிவுபடுத்திக்கொள்ள விரும்புகிறீர்கள்?" மரியாதைக் குறைவு எதுவும் இதில் இல்லை. இதற்கும் பதில் மழுப்பலாக வந்தால் நான் அந்த இடத்தில் நேரம் செலவிட மாட்டேன்.

அப்புறம் நேர விஷயம். மேலே நான் போட்டது அங்கே கோடை நேரம் இருக்கும்போது, மூன்றரை மணி வித்தியாசம். அக்டோபர் கடைசி ஞாயிற்றுக்கிழமை அவர்கள் கடிகாரத்தை ஒரு மணி பின்னால் தள்ளுவார்கள், அதிலிருந்து மார்ச் கடைசி ஞாயிறு வரை நாலரை மணி. இன்டர்வியூ அந்தத் தேதியை ஒட்டி வந்தால், ஜெர்மனி நேரத்தை முதலில் எழுதி அதிலிருந்து சென்னை நேரத்தைக் கணக்கிடுங்கள்.

ஹெச்ஆரிடமிருந்து பதில் வந்ததும், பெயரை எடுத்துவிட்டு இங்கே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன். 20 தேதி வரை சென்னையில்தான் இருப்பேன்.