கெண்டைக்கால் நோ, சிவந்த கண், வெள்ளத் தண்ணி: எலிக்காய்ச்சலைச் சந்தேகிப்பது ஏன்?

கேள்வி: அப்பாவுக்கு 54 வயசு. போன கிழமை திங்கள் சாவகச்சேரிப் பக்கம் வயலில முழங்கால் வெள்ளத்துக்குள்ள அரைநாள் நிண்டவர். இந்தப் புதன் நடுக்கத்தோட காய்ச்சல் தொடங்கிச்சு, இண்டைக்கு வெள்ளி. கெண்டைக்காலைத் தொட விடுறார் இல்லை, ரெண்டு கண்ணும் சிவப்பு. வெண்குழியம் 12,400, நியூட்ரோபில் 86 வீதம், பிளேட்லெட் 1,10,000. டெங்கு டெஸ்டும் நெகட்டிவ், எலிக்காய்ச்சல் டெஸ்டும் நெகட்டிவ். ஆனாலும் டொக்டர் எலிக்காய்ச்சல் எண்டுதான் டொக்சிசைக்ளின் எழுதித் தந்திருக்கிறார். அது சரியோ?

பதில்: சரி. முதலில் நாளை எண்ணிப் பாருங்கள். தண்ணீருக்குள் நின்ற திங்களிலிருந்து காய்ச்சல் வந்த புதன் வரை ஒன்பது நாள். எலிக்காய்ச்சல் கிருமி உடம்புக்குள் போனபின் பெரும்பாலும் 5 தொடக்கம் 14 நாளுக்குள் காய்ச்சலாக வெளிவரும். தண்ணீரில் நின்ற அன்றிரவே காய்ச்சல் வந்திருந்தால் வேறு காரணம் தேட வேண்டும். ஒன்பதாம் நாள் என்பது கணக்குக்குள் அப்படியே பொருந்துகிறது. கிருமி எலியின் சிறுநீரில் மட்டும் இல்லை, மாடு, நாய் ஆகியவற்றின் சிறுநீரிலும் வரும். வெள்ளம் அதையெல்லாம் வயலுக்குள் கலந்துவிடும். காலில் புண் இருந்தாக வேண்டும் என்றுகூட இல்லை. அரைநாள் ஊறி வெளுத்துப்போன தோலில் கண்ணுக்குத் தெரியாத கீறலே அதற்குப் போதும்.

அடுத்தது கெண்டைக்கால். டெங்கிலும் உடம்பு உளையும், ஆனால் எலும்புக்குள்ளும் மூட்டிலும் குத்துகிறது என்றுதான் ஆட்கள் சொல்வார்கள். எலிக்காய்ச்சலில் தசையே பாதிக்கப்படுகிறது, அதனால் அமத்தினால் நோகும். அப்பாவைப் படுக்க வைத்து, முழங்காலை மடித்து, கெண்டைத் தசையை மெதுவாகப் பிடித்துப் பாருங்கள். இரண்டு காலிலும் ஒரே மாதிரி துடித்தால் அது இந்த நோய்க்குரிய நோ. ஒரு கால் மட்டும் வீங்கி, சிவந்து, சூடாக இருந்தால் கதை வேறு: தோலில் கிருமித்தொற்று அல்லது நாளத்தில் இரத்தக்கட்டி. அதையும் டொக்டரிடம் சொல்ல வேண்டும்.

கண்ணும் அப்படித்தான். சாதாரண கண்நோவில் பூளை தள்ளும், காலையில் இமை ஒட்டும், கடிக்கும். இதில் வெண்விழியின் இரத்தக்குழாய்கள் விரிந்து சிவக்கின்றன, அவ்வளவுதான். பூளை இல்லை, கடி இல்லை. வீட்டில் இருப்பதை எடுத்துக் கண்ணுக்கு மருந்து விட்டுப் பார்க்க வேண்டாம்.

இரத்த ரிப்போட்டையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். டெங்கில் மூன்றாம் நாளளவில் வெண்குழியம் வழக்கமாக 4,000, 3,000 என்று இறங்கும். அப்பாவுக்கு 12,400, அதில் பெரும்பகுதி நியூட்ரோபில். இது பக்டீரியாப் பக்கம் சாய்கிற கணக்கு. பிளேட்லெட் குறைந்ததைப் பார்த்து உடனே டெங்கு என்று முடிவெடுப்பது இங்கே அடிக்கடி நடக்கிற பிழை. எலிக்காய்ச்சலிலும் அது குறையும். அதற்காக டெங்கை முற்றாக விட்டுவிடவும் முடியாது. மாரியில் யாழ்ப்பாணத்தில் இரண்டும் ஒன்றாகத்தான் வரும், ஒரு நெகட்டிவ் முடிவு டெங்கை முழுதாகத் தள்ளாது. நாளைக்கு இரத்தம் திரும்பப் பார்க்க வேண்டும்.

இனி உங்களைக் குழப்பிய நெகட்டிவ். அந்த உடனடி டெஸ்ட் தேடுவது கிருமியை இல்லை, கிருமிக்கு எதிராக உடம்பு செய்கிற பிறபொருளெதிரியை. அது இரத்தத்தில் தெரியவரக் காய்ச்சல் தொடங்கி ஐந்து தொடக்கம் ஏழு நாள் ஆகும். வெள்ளிக்கிழமை மூன்றாம் நாள். அன்றைக்கு நெகட்டிவ் வந்ததற்கு 'இன்னும் நேரமாகவில்லை' என்பதற்கு மேல் பொருள் இல்லை. முதல் கிழமையிலேயே கிருமியைக் கண்டுபிடிக்கிற பி.சி.ஆர். பரிசோதனை இருக்கிறது, ஆனால் முடிவு வரும்வரை மருந்தை நிறுத்தி வைக்க முடியாது. மருந்து ஆகக்கூடிய பலன் தருவது இந்த முதல் நாட்களில்தான். டெஸ்டை நம்பாமல் நாளையும் வயலையும் கெண்டைக்காலையும் நம்பி டொக்டர் தொடங்கியிருக்கிறார்.

ஒன்றை மட்டும் நான் வித்தியாசமாகச் சொல்வேன்: வீட்டில் வைத்திருக்க வேண்டாம், இன்றே ஆஸ்பத்திரியில் காட்டுங்கள். பிளேட்லெட் இறங்கியிருக்கிறது, சிறுநீரகம் எப்படி என்று நீங்கள் தந்த ரிப்போட்டில் இல்லை. கிரியாட்டினின், பிலிருபின், சிறுநீரில் புரதம் ஆகிய மூன்றும் பார்க்க வேண்டும். நோய் முற்றினால் குளிசையில் நிற்காது, நாளத்தில் பெனிசிலின் அல்லது செப்ட்ரியாக்சோன் ஏற்றுவார்கள். போகும்போது 'வெள்ளத்துக்குள் நின்றவர், எந்தத் திகதி' என்பதை முதல் வசனமாகச் சொல்லுங்கள். 2024 டிசம்பரில் யாழ்ப்பாணத்தில் காய்ச்சலும் மூச்சுத்திணறலும் வந்து சிலர் இறந்தபோது முதலில் 'மர்மக் காய்ச்சல்' என்றுதான் பேச்சு. பிறகுதான் எலிக்காய்ச்சல் என்று தெரிந்தது.

அங்கே உயிரை எடுத்தது நுரையீரல் பக்கம். நுரையீரலுக்குள் இரத்தம் கசியும்போது செங்கண்மாரி வந்திருக்க வேண்டிய அவசியம் இல்லை. 'கண் மஞ்சளாகவில்லை, ஆகவே எலிக்காய்ச்சல் இல்லை' என்ற நினைப்பு ஆபத்தானது. பலருக்கு மஞ்சள் வருவதே இல்லை. இருமல், மூச்சு வாங்குதல், சளியில் இரத்தக்கோடு, ஆறு மணித்தியாலமாகச் சிறுநீர் போகாமை, தடுமாற்றமான பேச்சு: இதில் ஒன்று வந்தாலும் 1990க்கு அடித்து அம்புலன்சைக் கூப்பிடுங்கள். ஐந்தாம் ஆறாம் நாள் காய்ச்சல் விட்டுவிட்டது என்று மருந்தை நிறுத்தவும் வேண்டாம். இந்த நோய் ஓரிரு நாள் தணிந்து பிறகு திரும்ப எழும்பலாம், சிறுநீரகமும் அந்த நேரத்தில்தான் படுத்துவிடலாம்.

கால் நோ தாங்காமல் பாமசியில் டைக்குளோபெனக்கோ இபுபுரோஃபனோ வாங்கிக் கொடுக்காதீர்கள். ஏற்கெனவே அடிபடுகிற சிறுநீரகத்தை அது இன்னும் கெடுக்கும், டெங்கு என்றால் இரத்தப்போக்கைக் கூட்டும். பனடோல் இரண்டு குளிசை, ஆறு மணித்தியால இடைவெளியில், நாளுக்கு எட்டைத் தாண்டாமல். கண் மஞ்சளானால் அதையும் டொக்டரிடம் கேட்காமல் தொடர வேண்டாம். இளநீரும் கஞ்சியும் கொடுக்கலாம், ஆனால் போகிற சிறுநீரை அளந்து எழுதுங்கள். வழி அடைபட்ட உடம்புக்குள் தண்ணீரை ஊற்றிக்கொண்டே போனால் அது நுரையீரலில்தான் போய்த் தங்கும்.

டொக்சிசைக்ளின் 100 மி.கி. காலை ஒன்று, மாலை ஒன்று, ஏழு நாள். ஒரு கிளாஸ் தண்ணீரோடு விழுங்கி அரை மணித்தியாலம் நிமிர்ந்து இருக்கச் சொல்லுங்கள். உடனே படுத்தால் குளிசை தொண்டைக்குழாயில் ஒட்டிப் புண்ணாக்கும். பால், வயிற்றெரிவு மருந்து, இரும்புச்சத்துக் குளிசை ஆகியவற்றோடு சேர்த்துக் கொடுத்தால் மருந்து சரியாக உறிஞ்சப்படாது. முதல் குளிசைக்குப் பிறகு சில மணித்தியாலத்தில் நடுக்கமும் காய்ச்சலும் ஒருமுறை கூடலாம். செத்த கிருமிகளுக்கு உடம்பு காட்டும் எதிர்வினை அது, ஒவ்வாமை என்று நினைத்து விட்டுவிட வேண்டாம். தோலில் தடிப்பு வந்தாலோ முகம் வீங்கினாலோ அது வேறு, உடனே காட்டுங்கள்.

அவரோடு வயலில் இறங்கிய மற்றவர்களுக்கு: கிழமைக்கு ஒருமுறை டொக்சிசைக்ளின் 200 மி.கி. என்பது தடுப்பு அளவு. உங்கள் பகுதி பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேட்டால் ஒழுங்கு செய்வார். கர்ப்பிணிகளுக்கும் சிறுபிள்ளைகளுக்கும் அது சரிவராது, டொக்டர் வேறு மருந்து எழுதுவார். அதைக் குடித்தும் காய்ச்சல் வந்தால் தடுப்பு அளவையே மருந்தாக எண்ணி இருந்துவிடாமல், அப்பாவைப் போலவே அவர்களும் இரத்தம் பார்க்க வேண்டும்.