குறள் இருக்கட்டும், காப்பர் கணக்கைச் சொல்லுங்கள்

அன்புள்ள ஐயா,

கோவையில் மோட்டார் பம்ப் கம்பெனி ஒன்றில் நிர்வாகப் பொறுப்பில் இருக்கிறேன். விற்பனை 40 கோடியிலிருந்து 46 கோடி ஆனது. லாபம் 3 கோடியிலிருந்து 1.8 கோடியாக இறங்கிவிட்டது. போனஸ் 15 சதவீதத்திலிருந்து 10. அடுத்த வாரம் எல்லாத் தொழிலாளர்கள் முன்பும் பேச வேண்டும். உரையை இணைத்திருக்கிறேன். குறளோடு தொடங்கலாமா? கேள்விகளுக்கு எவ்வளவு நேரம் ஒதுக்கலாம்?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

உரையில் ‘சவாலான ஆண்டு’ நான்கு இடத்தில் வருகிறது. ‘போனஸ்’ ஒரே இடம், அதுவும் கடைசிப் பக்கம். வந்து உட்காருகிறவர்கள் அதைக் கேட்கத்தான் வருகிறார்கள். முதல் நிமிஷத்திலேயே சொல்லிவிடுங்கள். ‘சட்டப்படி 8.33 போதும், நாம் அதற்கு மேல் தருகிறோம்’ என்ற வரியை அடித்துவிடுங்கள். பிச்சை போடுகிற தொனி.

விற்பனை ஏறியும் போனஸ் ஏன் இறங்கியது என்று கேட்பார்கள். கோடியில் பேசாதீர்கள், நூறு ரூபாயாக்குங்கள். போன வருஷம் நூறு ரூபாய்க்கு விற்றால் ஏழரை மிஞ்சியது. இந்த வருஷம் நாலுகூட மிஞ்சவில்லை. கைவிட்டுப்போன மூன்றரை ரூபாயில் பெரும்பகுதி காப்பர் கம்பிக்கு, மிச்சம் டீலர்கள் பணம் தர இழுத்ததால் வங்கிக்குக் கட்டிய வட்டிக்கு. எல்லாம் உங்கள் இணைப்பிலேயே இருக்கிறது.

அதோடு நிறுத்தினால் பாதி உண்மைதான். காப்பர் விலை எல்லாருக்கும்தான் ஏறியது. ஒரு வருஷம் விலையை ஏற்றமாட்டோம் என்று, இணைப்பில் நீங்கள் சொல்லும் அந்தப் பெரிய ஆர்டரில் கையெழுத்துப் போட்டது வைண்டிங் செக்‌ஷன் ஆட்களா? நீங்கள். “அது என் முடிவு, தப்பாகிவிட்டது. இனி காப்பர் விலையோடு நம் விலையும் ஏறி இறங்கும் என்ற ஷரத்து இல்லாமல் ஆர்டர் எடுக்கமாட்டேன்” என்று உங்கள் வாயால் சொல்லுங்கள். உங்கள் சம்பளத்தில் எவ்வளவு குறைந்தது என்று ஒருவர் கேட்பார். அதற்கும் ஒரு தொகை கையில் இருக்கட்டும். பூஜ்யம் என்றால் பூஜ்யம் என்றே சொல்லுங்கள்.

இளவயதில் ஒரு மில்லில் கணக்குப் பிரிவில் இருந்தேன். இப்படி ஒரு கூட்டத்தில் “ஆள்குறைப்பு உண்டா?” என்று ஒரு ஃபிட்டர் கேட்டார். “நாமெல்லாம் ஒரே குடும்பம்” என்றார் மேனேஜர். கை தட்டினார்கள். அன்று காலைதான் நான் இருபத்திரண்டு பேருக்குக் கிராஜுவிட்டி கணக்குப் போட்டு முடித்திருந்தேன்: கடைசிச் சம்பளத்தை 26ஆல் வகுத்து, 15ஆல் பெருக்கி, அதைச் சர்வீஸ் வருஷத்தால் பெருக்கி. கேட்டவர் பெயர் ஒன்பதாவது. சாயங்காலம் சைக்கிள் ஸ்டாண்டில் என்னைப் பிடித்துக்கொண்டார். “தம்பி, நீ கணக்குலதானே இருக்க, ஏதாச்சும் தெரியுமா?” தெரியாது என்றேன்.

உங்கள் உரையிலும் ‘குடும்பம்’ இருக்கிறது. அந்த இடத்தில் இதை எழுதிக்கொள்ளுங்கள்: “நிரந்தர ஆட்களை நிறுத்தும் முடிவு எதுவும் எடுக்கவில்லை. இரண்டாவது ஷிஃப்ட் தொடருமா என்பது இன்னும் முடிவாகவில்லை. கோடைக்கால ஆர்டரைப் பொறுத்தது. மார்ச் 31க்குள் இதே இடத்தில் வந்து சொல்கிறேன்.” இதில் ஒரு வரி பொய் என்றாலும் அதை எடுத்துவிட்டு உண்மையைப் போடுங்கள். தேதியை மட்டும் எடுக்காதீர்கள்.

நேரமா? கேள்வி தீரும்வரை.