g 10.6 வருகிறது, பந்து 2.21 மீட்டரில் விழுகிறது: வீடியோவில் தப்பு எங்கே?

"ஸ்பிரிங் லாஞ்சரில் ரப்பர் பந்தை 30 டிகிரியில் எறிந்து, போனில் 60 ஃபிரேம் வேகத்தில் எடுத்து, டிராக்கர் மென்பொருளில் புள்ளி புள்ளியாகக் குறித்தேன். சுவரில் ஒட்டிய மீட்டர் ஸ்கேலை அளவாக வைத்தேன். g 10.6 வருகிறது. வேகம் 5.41 மீ/வி, அதை வைத்துக் கணக்குப் போட்டால் நெடுக்கம் 2.59 மீட்டர், ஆனால் டேப் வைத்து அளந்தால் 2.21 தான். முதல் இரண்டு ஃபிரேமில் கோணம் 29 என்கிறது, லாஞ்சர் 30 என்கிறது. கோணம்தான் காரணமா? (பந்து கிளம்புவதும் விழுவதும் ஒரே உயரம்தான்.)"

கோணம் இல்லை. உங்கள் எண்களே குற்றவாளியைக் காட்டிக்கொடுக்கின்றன, கொஞ்சம் உற்றுப் பாருங்கள். 10.6-ஐ 9.8-ஆல் வகுத்தால் 1.08. 2.59-ஐ 2.21-ஆல் வகுத்தால் 1.17. 1.08-ஐ அதனாலேயே பெருக்கினால் அதே 1.17 வருகிறது, இது தற்செயல் இல்லை.

வீடியோவில் நாம் நேராக அளப்பது இரண்டே இரண்டு: பிக்சல், ஃபிரேம் எண்ணிக்கை. பிக்சலை மீட்டராக்குவது ஸ்கேல், ஃபிரேமை விநாடியாக்குவது ஃபிரேம் ரேட். ஸ்கேலில் 8 சதவீதம் பிசகினால் வேகமும் 8 சதவீதம் பிசகும், g-யும் அதே 8 சதவீதம் பிசகும். ஆனால் நீங்கள் நெடுக்கத்துக்கு

```
R = v² sin(2θ) / g
```

என்று போட்டு, g-க்கு வீடியோவில் வந்ததை விட்டுவிட்டு 9.8 வைத்திருக்கிறீர்கள். அங்கே வேகம் இரண்டு தடவை வருவதால் பிசகும் இரண்டு தடவை வந்து 17 ஆகிவிட்டது. ஃபிரேம் ரேட் தப்பாக இருந்திருந்தால் கதையே வேறு: g-யில் நேரம் இரண்டு தடவை வரும், v²-இலும் இரண்டு தடவை வரும், ஆக g எத்தனை சதவீதம் கூடுகிறதோ நெடுக்கமும் அத்தனை சதவீதம்தான் கூடியிருக்கும். g 8, நெடுக்கம் 17 என்று வந்தால் ஸ்கேல். இரண்டும் 8 என்று வந்தால் கடிகாரம். எந்த வீடியோவிலும் முதலில் இதைத்தான் பார்ப்பேன்.

சரி, ஸ்கேல் ஏன் பிசகியது? சுவரில் ஒட்டியிருக்கிறீர்களே, அதனால்தான். பந்து பறப்பது சுவருக்கு முன்னால். தூரத்தில் இருக்கும் கோல் சின்னதாகத் தெரியும், சின்னதாகத் தெரிந்த அந்தக் கோலை "ஒரு மீட்டர்" என்று சொல்லிவிட்டால், முன்னால் பறக்கும் பந்தின் ஒவ்வொரு அசைவும் பெரிதாகிவிடும். கேமராவிலிருந்து பந்தின் பாதை 3 மீட்டர், சுவர் 3.25 மீட்டர் என்றால் விகிதம் 1.083. வெறும் 25 செ.மீ. இடைவெளி, அதற்கே இந்த 8 சதவீதம். உங்கள் அறையில் டேப் வைத்து அளந்து பாருங்கள், கிட்டத்தட்ட இதுதான் வரும் என்று நினைக்கிறேன்.

திரும்ப எடுப்பதானால் கோலைச் சுவரில் வைக்காமல் லாஞ்சரின் வாய்க்கு நேர்கீழே, பந்து பறக்கும் தளத்திலேயே நிறுத்தி, ஒரு ஃபிரேம் எடுத்துவிட்டு அகற்றிவிடுங்கள், கேமரா மட்டும் அசையவே கூடாது. கேமராவை இன்னும் பின்னால் கொண்டுபோனால் இன்னும் நல்லது, 6 மீட்டர் தூரத்தில் வைத்தால் அதே 25 செ.மீ. பிசகு 4 சதவீதமாகச் சுருங்கும். போனின் அகலக் கோண லென்ஸ் வேண்டாம், ஓரத்தில் நேர்கோடே வளையும். பழைய வீடியோவையே காப்பாற்ற வேண்டுமென்றால் `Calibration Stick`-இல் 1 மீட்டருக்குப் பதில் 3/3.25, அதாவது 0.923 என்று கொடுங்கள். வேகம் 5.0, g 9.8, நெடுக்கம் 2.21. டேப்பும் அதைத்தானே சொன்னது?

ஃபிரேம் ரேட் உங்கள் விஷயத்தில் தப்பித்துவிட்டது, ஆனாலும் நம்பிவிடாதீர்கள். வெளிச்சம் குறைந்தால் சில போன்கள் சத்தமில்லாமல் ஃபிரேம் ரேட்டைக் குறைத்துவிடும், செட்டிங்கில் 60 என்றே காட்டிக்கொண்டிருக்கும். கோப்பையே கேட்டுவிடுங்கள்:

```
ffprobe -v error -select_streams v:0 \
 -show_entries stream=r_frame_rate,avg_frame_rate \
 -of default=nw=1 video.mp4
```

இரண்டு வரியும் ஏறத்தாழ ஒன்றாக இருந்தால் சரி. நன்றாக விலகியிருந்தால் ஃபிரேம்களுக்கு இடையேயான நேரம் சமமாக இல்லை, அந்த வீடியோவைத் தூக்கிப் போட்டுவிட்டு வெளிச்சத்தில் புதிதாக எடுங்கள். 60-க்குப் பதில் 59.94 என்று வந்தால் கவலை வேண்டாம், g-யில் 0.2 சதவீதம்தான். ஸ்லோமோஷனில் மட்டும் உஷார்: 240-இல் எடுத்து 30-ஆகச் சேமித்த வீடியோவில் நேரம் எட்டு மடங்கு நீண்டிருக்கும், g அறுபத்து நான்கில் ஒரு பங்காகி 0.15 என்று நிற்கும். அது நிலாவில்கூட இல்லாத g.

இப்போது கோணம். ஸ்கேல் தப்பானாலும் ஃபிரேம் ரேட் தப்பானாலும் கோணம் மாறாது, ஏனென்றால் அது இரண்டு வேகங்களின் விகிதம், பிசகு மேலும் கீழும் அடிபட்டுப் போகும். அதனால்தான் முதல் வரியிலேயே கோணம் இல்லை என்றேன். உங்கள் 29-க்குக் காரணம் வேறு. முதல் இரண்டு ஃபிரேமுக்கு இடையிலேயே புவியீர்ப்பு பந்தைக் கொஞ்சம் வளைத்துவிடும், 30-இல் கிளம்பிய பந்து அந்த இடைவெளியில் சராசரியாக 29.2 என்றுதான் காட்டும். போதாததற்கு, ஒரு ஃபிரேமில் பந்து நகர்வது 8 செ.மீ., திரையில் ஏறத்தாழ 40 பிக்சல். மங்கலான பந்தின் நடுவைக் குறிப்பதில் 2 பிக்சல் கை தவறினாலே 3, 4 டிகிரி ஆடிவிடும். ஆகவே இரண்டு புள்ளியை விட்டுவிடுங்கள். சுமார் 30 ஃபிரேம் இருக்கிறதே, அத்தனைக்கும் x-க்கு நேர்கோடும் y-க்குப் பரவளையமும் பொருத்தி, கிளம்பும் கணத்தின் இரு வேகங்களிலிருந்து கோணம் எடுத்தால் கை தவறல் கால் டிகிரிக்குள் அடங்கும்.

கேமரா சாய்ந்திருந்தால் மட்டும் எத்தனை புள்ளி வைத்தாலும் பயனில்லை. ஃபிரேமுக்குள் ஒரு தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு, அச்சை அந்த நூலுக்கு ஒத்துத் திருப்புங்கள்.

ஒரு டிகிரி பிசகு நெடுக்கத்தில் எவ்வளவு என்பது எந்தக் கோணத்தில் எறிகிறீர்கள் என்பதைப் பொறுத்தது.

```
ΔR/R = 2 cot(2θ) Δθ      (Δθ ரேடியனில்)
```

உங்கள் 30 டிகிரியில் ஒரு டிகிரிக்கு 2 சதவீதம், அதாவது 4.5 செ.மீ. அதே வேகத்தில் 15 டிகிரியில் எறிந்தால் 6 சதவீதம், 7.7 செ.மீ. 45-இல் எறிந்தால்? ஒரு டிகிரி தவறினால் 2 மி.மீ. கூட இல்லை, மூன்று டிகிரி தவறினாலும் ஒன்றரை செ.மீ.க்குள். வளைவின் உச்சி அது, அங்கே தட்டையாக இருக்கும். 45-ஐத் தாண்டினால் குறி மாறும், கோணம் கூடினால் நெடுக்கம் குறையும். ஆனால் 80 செ.மீ. மேஜையிலிருந்து தரையில் விழவிட்டால் இந்தச் சூத்திரம் செல்லாது, 5 மீ/வி வேகத்துக்கு அந்தத் தட்டையான இடம் 38 டிகிரிக்கு இறங்கிவிடும்.

திருத்திய பிறகு, ஸ்கேலில் 1 சதவீதம் ஐயம் மிச்சமிருந்தால் நெடுக்கத்தில் 2. தூக்குக்குண்டு வைத்தும் கோணத்தில் அரை டிகிரி என்றால் இன்னொரு 1. வர்க்கித்துக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் 2.2 சதவீதம். ரெக்கார்டில் 2.21 ± 0.05 மீட்டர் என்று எழுதி, பக்கத்திலேயே ஃபிரேம் ரேட், ஒரு மீட்டருக்கு எத்தனை பிக்சல், கேமராவிலிருந்து கோலும் பந்தும் எவ்வளவு தூரம் என்பதையும் எழுதிவிடுங்கள்.